22 பக்கக் கல்வெட்டை மடிப்புப் புத்தகமாக அச்சிடுவது: பி.டி.எஃப் பக்கங்களை அடுக்குவது முதல் கம்பி அடிப்பது வரை

வன்னியில் ஒரு வீட்டில் மரணம் நடந்தால், 31ஆம் நாளுக்குள் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம், தயாராக வேண்டும். அச்சகத்தில் கொடுக்க நேரமும் வசதியும் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் குடும்பத்தில் கொம்பியூட்டர் தெரிந்த ஒருவரின் தலையில்தான் அந்த வேலை வந்து விழும். எங்கள் வீட்டில் அது நான். விசுவமடுவில் என் பெரியம்மாவின் கல்வெட்டை ஒரு சாதாரண லேசர் பிரிண்டரிலும் ஏ4 தாளிலும் 150 பிரதி அடித்தோம். அதில் பட்ட அனுபவத்தை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கோயில் திருவிழா மலருக்கும் பள்ளிக்கூடக் கையேட்டுக்கும் இதே முறைதான். உதாரணம் மட்டும் முழுக்கக் கல்வெட்டாகவே இருக்கும்.

கனடாவில் இருக்கும் அண்ணா, பெரியம்மாவின் மூத்த மகன், 22 பக்க பி.டி.எஃப் ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தார். ஏ4 தாளை நடுவில் மடித்தால் வரும் ஏ5 அளவு, அதாவது 148 × 210 மில்லிமீட்டர். முதல் பக்கம் படத்தோடு முகப்பு, 22ஆம் பக்கம் பின்னட்டை. இடையில் வாழ்க்கை வரலாறு, சிவபுராணம், தேவாரங்கள், இரண்டு பக்கங்களில் விரிந்த வம்சாவளி மரம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய நினைவுகள், கடைசியில் நன்றி நவிலல்.

நான் அதை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பி, புத்தக வடிவம் என்று தெரிவு செய்து, ஒரு மாதிரிப் பிரதி எடுத்து மடித்து அக்காவின் கையில் கொடுத்தேன். அவ நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டா: "தம்பி, பாட்டனார் ஒரு பக்கம், பிள்ளையள் மற்றப் பக்கமெல்லோ போயிட்டுது? மரத்தை இப்பிடி முறிச்சு வைக்கலாமே?" பின்னட்டையும் பின்னால் இல்லை. அது உள்ளே போயிருந்தது. புத்தகத்தின் பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. பிரிண்டரில் ஒரு பிழையும் கிடையாது. 22 என்ற எண்ணிக்கையில்தான் பிழை இருந்தது.

முதலில் வெறுந்தாளில் செய்து பாருங்கள்

கொம்பியூட்டரைத் திறக்க முன்னர் இரண்டு ஏ4 தாள்களை எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். இப்போது கையில் எட்டுப் பக்கச் சிறு புத்தகம் இருக்கிறது. முகப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். பிறகு தாள்களைப் பிரித்து விரித்து வையுங்கள்.

வெளித்தாளின் ஒரு முகத்தில் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1. அதைத் திருப்பினால் 2, 7. உள்தாளில் 6, 3. திருப்பினால் 4, 5. எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 9 வரும். மொத்தப் பக்கம் 8, அதோடு ஒன்று. முழு விதியும் இவ்வளவுதான்: ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை, மொத்தப் பக்க எண்ணிக்கையை விட ஒன்று கூட.

ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். ஆகவே மடிப்புப் புத்தகம் எப்போதும் நான்கால் வகுபடும் எண்ணிக்கையில்தான் இருக்க முடியும். 20, 24, 28 என்று போகும். 22 பக்கப் புத்தகம் என்று ஒன்றைச் செய்ய முடியாது. நீங்கள் 22 கொடுத்தால் மென்பொருள் தானாகவே இரண்டு வெற்றுப் பக்கங்களைக் கடைசியில் சேர்த்து 24 ஆக்கிவிடும். எங்கள் பின்னட்டை 22ஆம் பக்கமாகவே உள்ளே தங்கி, 23உம் 24உம் வெள்ளையாகப் போனது அதனால்தான்.

24 பக்கத்துக்கு ஆறு தாள். கூட்டுத்தொகை 25. அடுக்கு இப்படி வரும்:

```
தாள்   முன்முகம்    பின்முகம்
 1     24 |  1      2 | 23
 2     22 |  3      4 | 21
 3     20 |  5      6 | 19
 4     18 |  7      8 | 17
 5     16 |  9     10 | 15
 6     14 | 11     12 | 13
```

இந்த அட்டவணையை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வேலை முடியும்வரை அதை அடிக்கடி பார்க்க வேண்டிவரும்.

வெற்றுப் பக்கம் எங்கே போகவேண்டும்

மென்பொருள் சேர்ப்பதற்கு முன்னர் வெற்றுப் பக்கங்களை நாமே சேர்த்துவிட வேண்டும். எங்கே சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது. ஒன்றை முகப்புக்கு அடுத்ததாகவும், மற்றதைப் பின்னட்டைக்கு முன்னதாகவும் வைத்தேன். அட்டையின் உட்புறம் இரண்டும் வெள்ளையாக இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. அச்சகத்தில் அடிக்கும் புத்தகங்களிலும் அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும்.

அந்த ஒரு வெற்றுப் பக்கம் முகப்புக்குப் பின்னால் போனதும் உள்ளே இருந்த எல்லாம் ஒவ்வோர் எண் தள்ளிப் போயின. அதனால் மூன்று காரியம் ஒன்றாகச் சரிவந்தது.

வம்சாவளி மரம் முதலில் 11, 12ஆம் பக்கங்களில் இருந்தது. புத்தகத்தில் ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம், அடுத்த இரட்டைப்படை எண் அதே இதழின் மறுபுறம். அதனால்தான் பாட்டனார் ஒரு பக்கமும் பிள்ளைகள் அதன் முதுகிலும் போனார்கள். ஓர் எண் தள்ளியதும் மரம் 12, 13க்கு வந்தது. அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். 12உம் 13உம் ஒரே தாளின் ஒரே முகத்தில் அருகருகே இருக்கின்றன. புத்தகத்தின் நட்டநடு விரிப்பு அதுதான். மற்ற எந்த இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களும் வெவ்வேறு தாள்களில் அச்சாகி, மடித்த பிறகே ஒன்றையொன்று பார்க்கும். நடுவிரிப்பு மட்டும்தான் உண்மையில் ஒரே தாள். மரம், வரைபடம், பெரிய குடும்பப் படம் எதுவானாலும் அதற்கு உரிய இடம் அங்கேதான்.

இரண்டாவது சிவபுராணம். 95 வரி. பக்கத்துக்கு 24 வரி போட்டால் நான்கு பக்கம். முதலில் அது 5 முதல் 8 வரை இருந்தது. 31ஆம் நாளன்று எல்லாரும் கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து ஓதுவார்கள். 5இல் தொடங்கினால், ஒரு பக்கம் முடிந்ததும் புரட்ட வேண்டும், 6உம் 7உம் முடிந்ததும் மறுபடி புரட்ட வேண்டும். இப்போது 6 முதல் 9 வரை வந்துவிட்டது. 6, 7 எதிரெதிர். ஒரு தடவை புரட்டினால் 8, 9. வயதான கைகளுக்கு இந்த ஒரு புரட்டல் குறைவதே பெரிய காரியம்.

மூன்றாவது பின்னட்டை. அது 24ஆம் பக்கமாகி, முகப்போடு ஒரே தாளில், ஒரே முகத்தில் வந்து அமர்ந்தது.

உங்கள் புத்தகத்துக்கும் இந்த மாதிரி எதிரெதிராக இருக்கவேண்டிய பக்கங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவை இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண்ணில் தொடங்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வெற்றுப் பக்கத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

மூலக் கோப்பு உங்களிடம் இருந்தால் வேலை சுலபம். வேர்டில் முகப்பின் முடிவில் `Ctrl+Enter` தட்டினால் ஒரு பக்கம் கூடும். எங்களிடம் பி.டி.எஃப் மட்டும்தான் இருந்தது. அண்ணாவுக்கு அப்போது நடுச்சாமம். ஆகவே ஏ5 அளவில் ஒரு வெற்றுப் பக்கத்தை `blank.pdf` என்ற பெயரில் சேமித்து, `qpdf` என்ற இலவசக் கருவியில் இப்படிக் கொடுத்தேன்:

```
qpdf --empty --pages kal.pdf 1 blank.pdf 1 kal.pdf 2-21 blank.pdf 1 kal.pdf 22 -- kal24.pdf
```

முகப்பு, ஒரு வெற்று, 2 முதல் 21 வரை, இன்னொரு வெற்று, பின்னட்டை என்ற வரிசையில் புதிய கோப்பு உருவாகும். அதைத் திறந்து 24 பக்கம் இருக்கிறதா, மரம் 12இல் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எழுத்து அளவும் எழுத்துருவும்

பி.டி.எஃப் ஏ5 அளவில் இல்லாமல் ஏ4 அளவில் இருந்தால், மடிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 71 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரையாகிவிடும். திரையில் நன்றாகத் தெரிந்தது தாளில் அம்மம்மாவுக்குத் தெரியாது. ஏ4இல்தான் செய்யவேண்டும் என்றால் 17 புள்ளி வையுங்கள். சுருங்கிய பிறகு அது 12 ஆகும். தொடக்கத்திலேயே பக்க அளவை ஏ5 என்று வைத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

இங்கே இன்னும் பலர் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு கோப்புக்குள்ளே பதிந்திருக்காவிட்டால், வேறு கொம்பியூட்டரில் "அம்மா" என்பது `mk;kh` என்று வந்து நிற்கும். அடோபி ரீடரில் `File`, பிறகு `Properties`, அதில் `Fonts` என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் `Embedded` அல்லது `Embedded Subset` என்று இருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் கோப்பைச் செய்தவரிடமே திரும்பக் கேட்டு வாங்குங்கள். பென் டிரைவில் வேர்ட் கோப்பைக் கொண்டுபோய்க் கடையில் திறப்பதை முழுதாகத் தவிர்த்துவிடுங்கள். எழுத்துருவோடு பக்க எண்ணிக்கையும் சேர்ந்தே மாறிவிடும்.

அடுக்குவது

அடோபி ரீடரில் `kal24.pdf` கோப்பைத் திறந்து `Print` போங்கள். `Page Sizing & Handling` என்ற பகுதியில் நான்கு பொத்தான்கள் இருக்கும். கடைசியில் உள்ள `Booklet` என்பதை அழுத்துங்கள். கீழே `Booklet subset` என்பதில் `Both sides` இருக்கட்டும். `Binding` என்பதில் `Left`. தமிழ் இடமிருந்து வலம் போவதால் கட்டு இடப்பக்கம்தான். தாள் ஏ4 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

உடனே தாளில் அடிக்க வேண்டாம். பிரிண்டர் பட்டியலில் `Microsoft Print to PDF` என்று ஒன்று இருக்கும். அதைத் தெரிவு செய்து அச்சிட்டால், அடுக்கிய பக்கங்களோடு இன்னொரு பி.டி.எஃப் உருவாகும். அதில் 12 பக்கம் இருக்க வேண்டும். ஆறு தாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். முதலாவதில் இடப்பக்கம் பின்னட்டை, வலப்பக்கம் முகப்பு. கடைசியில் மரம் முழுதாக. இடையில் நாலைந்து இடங்களில் பக்க எண்களைக் கூட்டிப் பாருங்கள். 25 வந்தால் அடுக்கு சரி. ஒரு தாள்கூடச் செலவழியாமல் முக்கால்வாசிப் பிழைகளை இங்கேயே பிடித்துவிடலாம். உள்ளே அச்சாகியிருக்கும் பக்க எண்களைத் தொடக்கத்திலேயே பி.டி.எஃப்பின் எண்ணோடு ஒன்றாக வைத்திருந்தால்தான் இந்தக் கூட்டல் உதவும். முகப்பை எண்ணாமல் அடுத்த பக்கத்திலிருந்து 1 என்று தொடங்கியிருந்தால் கணக்கு குழம்பும்.

சில பிரிண்டர்களின் சொந்த அமைப்புகளிலும் புத்தக வடிவம் என்ற தெரிவு இருக்கும். ரீடரிலும் போட்டு, பிரிண்டரிலும் போட்டால் அடுக்கு இரண்டு தடவை நடந்துவிடும். ஒரு முகத்தில் நான்கு சின்னப் பக்கங்கள் வந்தால் அதுதான் காரணம். ஓர் இடத்தில் மட்டும் போடுங்கள். அதே காரணத்துக்காக, அடுக்கி முடித்த கோப்பைக் கடைக்குக் கொண்டுபோவதானால், அதன் பெயரிலேயே "அடுக்கியது" என்று எழுதி வையுங்கள். கடையில் இருக்கும் தம்பி நல்லெண்ணத்தோடு மறுபடியும் புத்தகம் என்று அழுத்திவிடுவார்.

கொம்பியூட்டரில் அந்த `Booklet` பொத்தான் உள்ள மென்பொருள் இல்லையென்றால், மேலே சொன்ன அட்டவணையின் வரிசையிலேயே பக்கங்களை மாற்றி எழுதிவிடலாம்:

```
qpdf kal24.pdf --pages . 24,1,2,23,22,3,4,21,20,5,6,19,18,7,8,17,16,9,10,15,14,11,12,13 -- adukku.pdf
```

பிறகு எந்த மென்பொருளிலும் ஒரு முகத்தில் இரண்டு பக்கம் என்று சாதாரணமாக அச்சிட்டால் போதும். இந்தக் கோப்புக்குப் புத்தகம் என்ற தெரிவு கூடாது.

தாளைத் திருப்புவது

இருபக்கமும் தானாக அடிக்கும் பிரிண்டர் என்றால், நீள ஓரத்தில் திருப்புவதா, குறுகிய ஓரத்தில் திருப்புவதா என்று கேட்கும். மடிப்புப் புத்தகத்துக்கு எப்போதும் குறுகிய ஓரம், திரையில் `Flip on short edge`. காரணம் கையில் பிடித்துப் பார்த்தாலே விளங்கும். அடுக்கிய தாள் படுத்த வாக்கில் இருக்கிறது. அதைப் புத்தகத்தின் பக்கம் புரட்டுவது போல வலமிருந்து இடமாகத் திருப்புகிறோம். அப்போது கீல் போல நிற்பது 210 மில்லிமீட்டர் நீளமான குறுகிய ஓரம். நீள ஓரத்தில் திருப்பினால் மேல் கீழாகிப் பின்முகம் தலைகீழாக வரும். மாதிரிப் பிரதியில் ஒன்று விட்டு ஒரு பக்கம் தலைகீழாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இந்த ஒரு தெரிவை மாற்றுங்கள்.

எங்கள் பிரிண்டர் ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் வகை. அப்படியானால் `Booklet subset` என்பதில் முதலில் `Front side only`, பிறகு தாள்களைத் திரும்ப வைத்து `Back side only`. எந்தப் பக்கம் மேலே, எந்த ஓரம் உள்ளே என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ஊகிக்க வேண்டாம். சோதித்துப் பாருங்கள்.

சோதனைக்கு இரண்டு தாள் தேவை. ஒரு தாளில் செய்தால் திசை மட்டும்தான் தெரியும், வரிசை தெரியாது. `Sheets from` என்ற இடத்தில் 2 முதல் 3 வரை என்று கொடுங்கள். முதலாம் தாளின் பின்முகம் முழுக்க வெள்ளை, அது சோதனைக்கு உதவாது. தட்டில் வைக்க முன்னர் தாள்களின் மேல்முகத்தில், உள்ளே போகும் ஓரத்துக்கு அருகில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுங்கள். முன்முகங்கள் அச்சாகி வந்ததும், அம்புக்குறி எந்த முகத்தில், எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அச்சு விழாத முகத்தில் அச்சு விழும்படி தாள்களைத் திரும்ப வைத்துப் பின்முகங்களை அடியுங்கள்.

இப்போது 3ஆம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் 4 நிமிர்ந்து நின்றால் எல்லாம் சரி. 4க்குப் பதிலாக 21 தலைகீழாக வந்திருந்தால் கட்டை அப்படியே அரைவட்டம் சுற்றி வைக்க வேண்டும். 3இன் முதுகில் 6 வந்திருந்தால் வரிசை மாறிவிட்டது. கட்டின் தாள்களை மேல் கீழாக மாற்றி அடுக்கி வைக்க வேண்டும். முன்முகத்திலேயே மறுபடி அச்சு விழுந்திருந்தால் கட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சரியாக வந்த முறையை அந்தத் துண்டுத் தாளில் படமாகவே வரைந்து வையுங்கள். இரண்டு மணித்தியாலம் போனால் மறந்துவிடும்.

150 பிரதி

முழுப் புத்தகமாக ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கப் போகாதீர்கள். கையால் திருப்பி வைக்கும் பிரிண்டரில் அது ஆபத்து. 60 தாள் உள்ள கட்டில் எங்காவது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து உள்ளே போனால், அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றிலும் முன்முகமும் பின்முகமும் பொருந்தாது. 3இன் முதுகில் 6 இருக்கும். மடிக்கும்போதுதான் தெரியவரும், அப்போது கட்டு முழுவதும் வீண்.

தாள் தாளாக அடியுங்கள். `Sheets from` 2 முதல் 2 வரை, `Front side only`, பிரதி 50. அது முடிந்ததும் திருப்பி வைத்து `Back side only`, பிரதி 50. கட்டில் உள்ள எல்லாத் தாளும் ஒரே மாதிரி என்பதால், இரண்டு தாள் சேர்ந்து போனாலும் ஒரு தாளின் பின்முகம் வெள்ளையாக வரும், அவ்வளவுதான். அதை எடுத்துத் திரும்பக் கொடுத்தால் சரி. 50 என்று சொல்வது, சிறிய பிரிண்டர் நடுவில் சூடேறித் திணறாமல் இருக்கவும், பிழை வந்தால் 50உடன் நிற்கவும்.

அட்டைக்குக் கொஞ்சம் தடித்த தாள் போடுவதற்கும் இதே முறை வசதி. முதலாம் தாளை மட்டும் 1 முதல் 1 வரை என்று கொடுத்துத் தடித்த தாளில் அடியுங்கள். 2 முதல் 6 வரை சாதாரண 80 கிராம் தாள். 150 பிரதிக்கு உள்தாள் 750. 500 தாள் உள்ள கட்டு இரண்டு வாங்கினால் சோதனைக்கும் பழுதுக்கும் மிஞ்சும்.

மாரி காலத்தில் செய்தால் இன்னொன்று. திறந்து வைத்த தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரம் நெளியும். முன்முகம் அச்சாகிச் சூட்டோடு வந்த தாள் இன்னும் வளையும். வளைந்த தாளைத் திரும்பக் கொடுத்தால் சிக்கும். கட்டைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் உடையுங்கள். ஒரு முகம் அடித்த தாள்களைச் சமமான பலகையில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். அதற்குள் அடுத்த தாளின் முன்முகத்தை அடித்துக்கொண்டிருக்கலாம்.

சேர்த்து, மடித்து, கம்பி அடிப்பது

நாங்கள் விறாந்தையில் பாயை விரித்து ஆறு அடுக்குகளை வரிசையாக வைத்தோம். நடுவிரிப்பு உள்ள ஆறாம் தாள் முதலில். மரம் இருக்கும் முகம் மேலே பார்க்க வேண்டும். அதை எடுத்து, ஐந்தாம் தாளின் 10, 15 உள்ள முகத்தின் மேல் வைத்து, அப்படியே முதலாம் தாள் வரைக்கும் அடியில் அடியில் சேர்த்துக்கொண்டு போவது. முடிவில் கையில் இருக்கும் கட்டில் மரம் மேலேயும் முகப்பு அடியிலும் இருக்கும். பிள்ளைகள் நாலு பேர் சுற்றி வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, ஆறு தாளையும் சேர்த்தே மடியுங்கள். விரலால் மடித்தால் முதுகு புடைத்து நிற்கும். ஒரு கரண்டியின் முதுகால் மடிப்பின் நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்தித் தேய்த்தால் படிந்துவிடும்.

கம்பி மடிப்பின் மேலேயே விழ வேண்டும், புத்தகத்தின் வெளியிலிருந்து உள்ளே. முனைகள் நடுவிரிப்பில் மடங்கட்டும். மடிப்பின் நீளம் 210 மில்லிமீட்டர். இரு முனையிலிருந்தும் ஐந்து சென்ரிமீட்டர் விட்டு இரண்டு கம்பி. நீண்ட கை உள்ள ஸ்டேப்ளர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண ஸ்டேப்ளரை முழுதாகத் திறந்து, புத்தகத்தை விரித்துக் கவிழ்த்துப் பழைய றப்பர் செருப்பின் மேல் வைத்து அழுத்துங்கள். கம்பி நேராகச் செருப்புக்குள் இறங்கும். புத்தகத்தைத் தூக்கி, கம்பியின் முனைகளைக் கரண்டியால் உள்பக்கமாக மடித்துவிடுங்கள். ஆறு தாளுக்குச் சாதாரணக் கம்பியே போதும்.

கம்பியை விட நூல் எனக்குப் பிடிக்கும், கறள் பிடிக்காது. மடிப்பில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வந்து, மேல்துளை வழியே உள்ளே போய், உட்புறமாகக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே வந்து, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. இரண்டு நுனிகளையும் உள்ளே ஓடும் நீள நூலின் இருபக்கமும் பிடித்து முடிச்சுப் போடுங்கள். 150க்கு அப்படிச் செய்ய முடியவில்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாக வீட்டில் வைத்திருக்கும் பிரதிகளுக்கு மட்டும் நூல் போட்டோம்.

மடித்த பிறகு வெளி ஓரத்தைப் பாருங்கள். உள்தாள்கள் மெல்லியதாக வெளியே தள்ளி நிற்கும். 80 கிராம் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிப்பு. ஆறு தாளுக்கு அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இவ்வளவுக்கு வெட்ட வேண்டியதில்லை. இதுவே 60 பக்கம், 15 தாள் என்றால் ஒன்றரை மில்லிமீட்டராகிப் படிக்கட்டுப் போலத் தெரியும். அப்போது வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் நடுப்பக்கங்களின் வெளி ஓரம்தான் அதிகம் போகும். ஆகவே பக்க எண்ணையும் எழுத்தையும் வெளி ஓரத்திலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்திருக்க வேண்டும்.

நடுவிரிப்புக்கும் ஒரு எச்சரிக்கை. பிரிண்டர்கள் தாளின் விளிம்புவரை அடிப்பதில்லை, சில மில்லிமீட்டர் விட்டுவிடும். அதனால் மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தையும் கொஞ்சம் சுருக்கும். 12க்கும் 13க்கும் நடுவே, சரியாக மடிப்பில், ஒரு சிறு வெள்ளை இடைவெளி வரலாம். எனவே மடிப்புக்கு அருகில் யாருடைய பெயரும் வேண்டாம். கிடைக்கோடு மட்டும் தாண்டிப் போகட்டும், அந்த இடைவெளியை மடிப்பே விழுங்கிவிடும்.

எங்கள் மரத்தில் பெரியம்மாவின் பெயர் மடிப்புக்கு இடப்பக்கம். அங்கிருந்து ஒரு கோடு மடிப்பைத் தாண்டி வலப்பக்கம் போய், ஐந்து பிள்ளைகளாகப் பிரிகிறது. இரண்டாவது மாதிரிப் பிரதியை அக்காவிடம் கொடுத்தபோது அவ முகப்பைப் பார்க்கவில்லை. நேராக நடுவைத் திறந்து, அந்தக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே தன் பெயர்வரைக்கும் போனா. "இப்ப சரி, அடி தம்பி" என்றா.